கொலுசின் தடம்

1994ஆம் ஆண்டு சூன் மாதத்தின் ஒரு விடியற்காலை. வயிற்றில் வலி எதுவுமில்லை. ஆனால் உடுத்திருந்த சேலை நனைந்திருந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். பளிச்சென்ற சிவப்பு. எனக்கு அப்போது இருபத்தொன்பதாவது வாரம். இரண்டாண்டுகளுக்கு முன்னர் ஒரு குழந்தையை ஐந்தாம் மாதத்திலேயே இழந்திருந்தேன்.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். நஞ்சுக்கொடி கருப்பையின் மேற்பகுதியில் ஒட்டாமல், கீழே இறங்கி அதன் வாயை மூடியிருந்தது. நாள் ஏற ஏறக் கருப்பையின் அடிப்பகுதி விரியும். விரியும்போது கொடி பிய்ந்து இரத்தம் வரும். வலியில்லாமல் வருவதுதான் இந்த நோயின் அடையாளம். மருத்துவர் ஒரு நிபந்தனையை மட்டும் மும்முறை சொன்னார்: எந்தக் காரணத்துக்காகவும் யாரும் உள்ளே கைவிட்டுச் சோதிக்கக் கூடாது, ஒரு விரல் பட்டாலே ஆறாகப் பெருகிவிடும். ஐந்து நாளில் இரத்தம் நின்றது. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் காரில் பத்து நிமிடம் என்பதால், முழுப் படுக்கை ஓய்வில் இருக்கச் சொல்லி அனுப்பி வைத்தார்.

முழுப் படுக்கை என்றால் அந்தக் காலத்தில் முழுப் படுக்கைதான். கழிப்பறைக்கும் எழக் கூடாது. கட்டிலின் கால்மாட்டுக்கு இரண்டு செங்கல். இடப்பக்கமாகவே படுக்க வேண்டும். மல்லாந்தால் வயிற்றின் கனம் முதுகையொட்டி ஓடும் பெரிய இரத்தக் குழாயை அழுத்தும். எங்கள் கட்டில் தெருச் சன்னலை ஒட்டியிருந்தது. படுத்த நிலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம், போவோர் வருவோரின் கால்கள் மட்டுமே.

என் அம்மா உயிரோடு இல்லை. மாமியார் ஊரில் நோயாளி. கணவருக்கு இரயில்வேயில் முறைமாற்றி வேலை. ஆகவே தெருதான் எங்களைத் தாங்க வேண்டியிருந்தது. திண்டுக்கல்லில் குடிநீருக்கு மக்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். சில நாள்களுக்கு ஒருமுறை, அதுவும் எந்த நேரத்தில் வருமென்று தெரியாமல் வரும் குழாய்த் தண்ணீருக்காக, எதிர்வீட்டு அக்கா தம் குடங்களோடு எங்கள் குடங்களையும் வரிசையில் வைத்தார். அடுத்த தெரு இஸ்லாமியக் குடும்பத்துப் பாட்டி மதியச் சோறு அனுப்பினார். மலச்சிக்கலில் முக்கினாலும் ஆபத்து என்று கேள்விப்பட்டு, தினமும் கீரையும் இரண்டு வாழைப்பழமும் அதில் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்.

எதிர்வீட்டு அக்கா வேலைக்குப் போகிறவர். நான் வீடு திரும்பிய மறுநாள் பதினொரு மணிக்கு எனக்குப் பெட்பேன் தேவைப்பட்டது. வீட்டில் யாருமில்லை. எத்தனை நேரம் அடக்குவது? வெட்கத்தை விட்டுக் குரல் கொடுத்தேன். வந்து நின்றவர் பக்கத்து வீட்டுக்காரர். அவர் வீட்டுச் சாக்கடை நீர் எங்கள் வாசலில் தேங்குவது பற்றி எழுந்த சண்டையில், எங்களுக்குள் இரண்டு ஆண்டுகளாகப் பேச்சில்லை. நான் சொன்ன சொற்களும் நல்ல சொற்கள் அல்ல.

"யாரும் இல்லையா டீச்சர்?" என்றார். பெட்பேனை எடுத்து வைத்தார்; முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பிறகு எடுத்துப் போய்க் கொட்டி, தம் வீட்டுக் குடத்துத் தண்ணீரில் கழுவிக் கொண்டுவந்தார். அன்று எங்கள் தெருவில் தண்ணீர் வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. மறுநாளும் அதே பதினொரு மணிக்கு, நான் கூப்பிடாமலே வந்தார்.

துணிக் கணக்கும் அவர் பொறுப்பானது. கறைபட்ட துணியை அலசுவதற்கு முன் பார்க்க வேண்டுமென்று மருத்துவர் சொல்லியிருந்தார். பழுப்பு நிறம் என்றால் பழைய இரத்தம், அஞ்ச வேண்டாம். புதுச் சிவப்பு எனில், அளவு எவ்வளவானாலும் உடனே புறப்பட வேண்டும். அவருக்கு எழுத்து வாசனை இல்லை. சுவரில் கரியால், பழுப்புக்கு ஒரு கோடும் சிவப்புக்கு ஒரு வட்டமும் போடுவதென்று அவரே ஏற்படுத்திக்கொண்டார். நாள்தோறும் கோடுகள் ஏறின, வட்டம் விழவில்லை.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள் என் காலைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"டீச்சர், ரெண்டு கொலுசும் ஒரே அளவுதானே? இடது காலில் மட்டும் ஏன் தடம் விழுந்திருக்கு?"

எனக்கு வலி இல்லை. ஒரே பக்கம் படுப்பதால் இருக்கும் என்றேன். அவர் கேட்கவில்லை, மூலையிலிருந்த தொலைபேசிக் கடைக்குப் பையனை ஓடவிட்டார். மாலையில் மருத்துவர் வீட்டுக்கே வந்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு கெண்டைக்காலையும் நாடாவால் அளந்தார், அழுத்தியும் பார்த்தார். வேறுபாடு அரை சென்டிமீட்டர்தான். சூடும் இல்லை, நோவும் இல்லை. இரத்தம் உறையவில்லை. ஆனால் வந்த எச்சரிக்கை சரியானதே என்றார். கருவுற்ற உடல் அசையாமல் கிடந்தால் கால் நாளத்தில் இரத்தம் உறையும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அன்று முதல் பின்தெருப் பள்ளியில் பாடவேளை மணி ஒலிக்கும் ஒவ்வொரு முறையும், கணுக்காலை இருபது தடவை மேலும் கீழும் அசைத்தேன். நான் பாடம் நடத்திய பள்ளி அது. கொலுசைக் கழற்றி அவர்தாம் அலமாரியில் வைத்தார்.

முதல் வட்டம் ஐந்து வாரங்கள் கழித்து, நள்ளிரவு இரண்டு மணிக்கு விழுந்தது. கணவர் இரவுப் பணியில் இருந்தார். 108 ஊர்தி தமிழகத்துக்கு வந்தது 2008இல்தான். அன்று தெருமுனை வாடகைக் கார் ஓட்டுநர் ஒரு மாதமாகச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியிருக்கிறார். என் இரத்த வகையைச் சேர்ந்த இரு இளைஞர்கள் முன்பே சோதித்து வைக்கப்பட்டிருந்தார்கள். சைக்கிளில் எனக்குப் பின்னாலேயே வந்துவிட்டார்கள். பணியிலிருந்த புதிய செவிலி கையுறை மாட்டியபோது, "உள்ளே கை வைக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் வழிமறித்து நின்றது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. அறுவையில் பெண் குழந்தை. இரண்டு கிலோ நூறு கிராம். எனக்கு இரண்டு பாட்டில் இரத்தம் ஏறியது. மூன்றாம் நாள் எழுந்து நின்றபோது, கால்கள் என்னுடையவை போலவே இல்லை. சுவரைப் பிடித்தபடி நடக்கப் பழகினேன்.

அந்தப் பெண் இன்று பிரசவ அறையில் செவிலி. சென்ற ஆண்டு இந்தக் கதையைச் சொன்னபோது, செங்கல் என்றதும் சிரித்துவிட்டாள்.

"இப்போது இப்படிப் படுக்க வைப்பதில்லை அம்மா. அசையாமல் படுத்திருந்தால் இரத்தப்போக்கு வராது என்பதற்குச் சான்று இல்லை. கால் உறைவுதான் வரும்."

எனக்குச் சுருக்கென்றது. "அப்படியானால் அத்தனை நாளும் அவர் எனக்குப் பெட்பேன் எடுத்தது வீணா?"

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "காரும் இரத்தமும் ஆயத்தமாக இருந்ததே, அதை இன்றும் முதலில் கேட்போம். உள்பரிசோதனையைத் தடுத்தாரே, அதைச் செய்யாமல் போயிருந்தால் நான் இருந்திருக்க மாட்டேன்" என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு இப்போது எண்பது வயதுக்கு மேலாகிறது. இடுப்பெலும்பு முறிந்து ஆறு வாரமாகப் படுக்கையில் இருக்கிறார். பதினொரு மணிக்கு நான் போகிறேன். முதல் நாள் அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கால்களைத் துடைக்கும்போது இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். அந்தச் சாக்கடைச் சண்டையைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை பேசியதில்லை.