சேலம் கமிஷனர், டாலஸ் மேனேஜர்

ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் பெரியப்பா போனில் பேசும்போது எங்கள் ஊர் நிர்வாகத்தைப் பற்றித்தான் அதிகம் விசாரிப்பார். எங்கள் ஊர் என்றால் இப்போது டாலஸ். மேயர் பெயர் எரிக் ஜான்சன் என்றும், ஆனால் ஊரை நடத்துவது அவரில்லை, சிட்டி மேனேஜர் என்ற சம்பள அதிகாரி என்றும் சொன்னேன். "அப்படின்னா நம்மூரு கமிஷனர் மாதிரின்னு சொல்லு" என்றார். முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியில்தான் விஷயமே இருக்கிறது.

டாலஸ் 1931லிருந்து இந்த முறையில் இருக்கிறது. பதினான்கு வட்டங்களுக்குப் பதினான்கு கவுன்சிலர்கள், ஊர் முழுக்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மேயர் ஒருவர், ஆக மன்றத்தில் பதினைந்து பேர். பதினைந்தில் மேயருக்கும் ஒரே ஓட்டுதான். குப்பை, சாலை, தண்ணீர், வரவுசெலவு வரைவு, துறைத் தலைவர்களை நியமிப்பது எல்லாம் மேனேஜர் கையில். அவரை எந்த மாநில அரசும் அனுப்பிவைப்பதில்லை. மன்றமே நாடு முழுக்க ஆள் தேடி, நேர்காணல் செய்து, ஒப்பந்தம் போட்டு அமர்த்துகிறது. வேண்டாமென்றால் அதே மன்றம் அனுப்பிவிடலாம். எட்டு ஓட்டு போதும்.

அந்த எட்டு ஓட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க டி.சி. பிராட்நாக்ஸ் கதை நல்ல உதாரணம். 2017இல் மேனேஜராக வந்தவர். 2022 ஜூனில் மேயர் ஜான்சன் அவரை நீக்கியே தீருவதென்று கிளம்பினார். ஊர் முழுக்க ஓட்டு வாங்கிய மேயரால் ஓட்டே வாங்காத ஓர் அதிகாரியை அசைக்க முடியவில்லை. மன்றத்தில் பெரும்பான்மை சேரவில்லை. 2024 பிப்ரவரியில் காற்று மாறியது. மன்றத்தில் பெரும்பான்மையோர் அவரை விலகச் சொன்னார்கள், விலகினார். இப்படி அனுப்பப்பட்டால் ஓராண்டுச் சம்பளம் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. 4 லட்சம் டாலருக்கு மேல் வரும். சில மாதங்களில் ஆஸ்டின் நகர மன்றம் அவரையே தன் மேனேஜராக எடுத்துக்கொண்டது! பெரியப்பாவுக்கு இதுதான் தாங்கவில்லை. "வேண்டாம்னு அனுப்புனவனுக்குப் பணமும் குடுத்து, பக்கத்து ஊருல வேலையுமா?"

எனக்கும் முதலில் கசந்தது. ஆனால் யார் அனுப்பினார்கள், ஏன், எவ்வளவு கொடுத்தார்கள் என்பதெல்லாம் டாலஸில் எல்லோருக்கும் தெரியும். என் வட்டக் கவுன்சிலர் அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்டு, அடுத்த தேர்தலில் அதற்காகவே அவருக்கு ஓட்டுப் போடலாம், போடாமலும் இருக்கலாம்.

சேலத்துக்கு வருவோம். 1994இல் மாநகராட்சியான ஊர், அறுபது வார்டு. கமிஷனரிடம் இருக்கும் நிர்வாக அதிகாரம் டாலஸ் மேனேஜருக்கு ஏறத்தாழ சமம். ஊழியர்கள் அவருக்குக் கீழே, கோப்புகள் அவர் வழியாக. மன்றம் தீர்மானம் போடும், நிறைவேற்றுபவர் அவர். வித்தியாசம், அவரை அனுப்புவதும் திருப்பி அழைப்பதும் சென்னைக் கோட்டை. மாற்றல் பட்டியல் வரும், ஒருவர் போவார், இன்னொருவர் வருவார். அறுபது கவுன்சிலரிடமும் யாரும் கருத்துக் கேட்பதில்லை. ஃபேர்லேண்ட்ஸில் ஒரு தெரு சாக்கடைக்காகத் தோண்டி மூடப்படாமல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்டு கவுன்சிலரிடம் போனால் அவர் மன்றத்தில் பேசுவார், பொறியாளரை நச்சரிப்பார். பொறியாளரின் மேலதிகாரி கமிஷனர், கமிஷனரின் மேலதிகாரி சென்னையில். தெருக்காரர் போட்ட ஓட்டு இந்தச் சங்கிலியில் கவுன்சிலரோடு நின்றுவிடுகிறது.

இந்த ஏற்பாட்டின் வேர் பம்பாயில் இருக்கிறது. 1865இல் அங்கே அரசு நியமித்த முதல் முனிசிபல் கமிஷனர் ஆர்தர் கிராஃபோர்டு. படு வேகமான ஆள். சாலை, சாக்கடை, இன்றும் மக்கள் அவர் பேர் சொல்லியே அழைக்கும் சந்தை என்று கட்டித் தள்ளினார், கூடவே நகரத்தின் கஜானாவையும் காலி செய்தார். வரி கட்டியவர்கள் 1871இல் கொதித்தெழுந்தார்கள். இளம் வழக்கறிஞராக அந்தக் கிளர்ச்சியில் பேசிய ஃபெரோஸ்ஷா மேத்தா, கமிஷனர் பதவியே வேண்டாம் என்று சொல்லவில்லை. திறமைக்கு ஒரே ஆள் இருக்கட்டும், அவரைத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கட்டிப்போடட்டும் என்பது அவர் கட்சி. 1888 பம்பாய் மாநகராட்சிச் சட்டம் மன்றம், நிலைக்குழு, கமிஷனர் என்று அதிகாரத்தைப் பிரித்தது. மொத்த உறுப்பினரில் எட்டில் ஐந்து பங்கினர் ஓட்டுப் போட்டால் அரசு கமிஷனரைத் திரும்ப அழைத்தே ஆகவேண்டும் என்றும் அதில் ஒரு பிரிவு உண்டு.

மன்றத்துக்கு இப்படி ஓர் ஆயுதம் இருந்தும் என்ன ஆகும் என்பதை நவி மும்பை காட்டியது. 2016 அக்டோபரில் 111 பேர் கொண்ட மன்றத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கமிஷனர் துக்காராம் முண்டேவுக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள். மாநில அரசு தீர்மானத்தை நிறுத்திவைத்தது. முண்டே நேர்மையானவர், ஆக்கிரமிப்புகளை இடித்தவர் என்று பொதுமக்களில் பலர் அவர் பக்கம் நின்றார்கள் என்பதையும் சொல்லவேண்டும். எனக்கும் அவர்மேல் மரியாதைதான். ஆனால் 2017 மார்ச்சில் அதே அரசு அவரை மாற்றியபோது அந்தப் பொதுமக்களையும் யாரும் கேட்கவில்லை. மன்றத்தின் கையிலிருந்து நல்ல அதிகாரியைக் காப்பாற்றும் அதே அதிகாரம்தான் நாளைக்கே அவரைத் தூக்கியும் போடுகிறது.

மன்றம் இல்லாவிட்டால் வேலை வேகமாக நடக்கும் என்பவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. சேலம் அதைப் பார்த்த ஊர்தான். 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த மன்றம் 2022 மார்ச்சில்தான் வந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுக்கு மேல், தமிழகத்தின் மற்ற மாநகராட்சிகளைப் போலவே, தனி அலுவலர் ஆட்சி. கூச்சல் இல்லை, வெளிநடப்பு இல்லை. ஒரு டெண்டர் ஏன் இந்த விலைக்குப் போனது என்று மன்றத்தில் எழுந்து கேட்கவும் ஆளில்லை. கேள்வி கேட்கும் நேரம் மிச்சமானதை வேகம் என்று கணக்கில் எழுதிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அப்படியானால் மேயருக்கே எல்லா அதிகாரத்தையும் கொடுத்துவிடலாமே? டாலஸில் 2005இல் இரண்டு முறை இதை மக்களிடம் கேட்டார்கள், இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். எதிர்ப்பு அதிகம் இருந்தது ஊரின் தெற்குப் பக்கத்தில், கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில். நீண்ட வழக்குகளுக்குப் பிறகு வட்டவாரியான பிரதிநிதித்துவம் அவர்களுக்கு 1991இல்தான் முழுமையாகக் கிடைத்திருந்தது. பணம் உள்ள வடக்கு தேர்ந்தெடுக்கும் ஒரே மேயரிடம் அதை ஒப்படைக்க அவர்கள் தயாரில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஒரு படி மேலே போனது. 2012இல் நேரடியாகத் தேர்ந்தெடுத்த மேயர் முறையை 2022 வாக்கெடுப்பில் கைவிட்டு, 2024இலிருந்து உறுப்பினர் குழுக்களே துறைகளை நடத்தும் பழைய முறைக்குத் திரும்பிவிட்டது. குழு முறை மெதுவானது, தவறுக்கு யார் பொறுப்பு என்று விரல் நீட்டவும் சிரமம். ஆனாலும் எழுபது உறுப்பினருக்கும் அதில் வேலை இருக்கிறது.

நம் ஊரில் மேயர் விவாதம் வேறு இடத்திலேயே சுற்றுகிறது. தமிழகத்தில் 1996, 2001, 2011இல் மக்கள் நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இலும் 2022இலும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். எது ஜனநாயகம் என்று ஒவ்வொரு முறையும் கட்சிகள் சண்டை போட்டன. பெரியப்பாவிடம் நான் கேட்டது ஒன்றுதான்: நேரடியாக ஜெயித்த மேயர் காலத்தில், ஒரு கமிஷனரை இருக்கச் சொல்லவோ போகச் சொல்லவோ அவரால் முடிந்ததா? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவரும் எங்கள மாதிரி பேப்பர்லதான் பாத்திருப்பாரு" என்றார்.