எழுத்து எங்கே போயிற்று?

நண்பர் ஒருவர் எடுத்த மலையாளக் குறும்படம் அது. கரைவலை இழுக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றி நாலு நிமிடம். தமிழ் சப்டைட்டிலை நான் எழுதினேன். கணினியில் ஓட்டியபோது ஒவ்வொரு வரியும் உரிய இடத்தில் வந்தது. அந்தக் கோப்பைச் செய்திச் செயலி வழியாக உறவுக்காரர்கள் குழுவுக்கு அனுப்பினேன். ராமநாதபுரத்திலிருந்து அக்கா கூப்பிட்டார்: "தம்பி, ஆளுங்க பேசுறது கேக்குது. நீ எழுதுனேன்னு சொன்னியே, அது ஒண்ணும் வரலையேப்பா."

அக்காவின் கைப்பேசிக்குப் போன வீடியோவை என் கணினிக்குத் திருப்பி வாங்கி, ffprobe என்ற கருவியால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். நான் அனுப்பிய கோப்பில் மூன்று தடங்கள் இருந்தன:

```
Stream #0:0: Video: h264
Stream #0:1: Audio: aac
Stream #0:2(tam): Subtitle: mov_text
```

வந்து சேர்ந்ததில் முதல் இரண்டு மட்டுமே இருந்தன. சப்டைட்டில் எங்கும் ஒளிந்திருக்கவில்லை, வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

காரணம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. இப்படிப்பட்ட செயலிகள் வீடியோவை அப்படியே அனுப்புவதில்லை. டேட்டாவை மிச்சப்படுத்த, படத்தையும் ஒலியையும் பிரித்து, சுருக்கி, புதிய கோப்பாகக் கட்டுகின்றன. அந்தக் கட்டுமானத்தில் சப்டைட்டில் தடத்துக்கு இடம் ஒதுக்கப்படுவதில்லை. தப்பித் தவறிப் போய்ச் சேர்ந்தாலும், அரட்டைத் திரைக்குள் ஓடும் பிளேயரில் அதைத் தேர்ந்தெடுக்கப் பொத்தான் இருக்காது.

ஆனால் என் கேள்வி இதோடு அடங்கவில்லை. எழுத்தைப் படத்தின் மேலேயே பொறிப்பது, தனித் தடமாக வைப்பது என்ற இரண்டு வழிகள் எங்கிருந்து வந்தன? பொறிப்பதைப் பழைய, முரட்டு வேலை என்றுதான் சப்டைட்டில் எழுதுகிறவர்கள் பலரும் நினைக்கிறோம். அதை முதலில் செய்தவர்களுக்கு என்ன கட்டாயம் இருந்தது என்று தேடத் தொடங்கினேன்.

தேடல் 1930களின் ஐரோப்பாவில் போய் நின்றது. பேசும் படம் வந்த புதிது. ஒரு நாட்டுப் படம் இன்னொரு நாட்டில் ஓட வேண்டுமானால் வசனத்துக்கு வழி தேவைப்பட்டது. 1930இல் நார்வேயின் லெய்ஃப் எரிக்சன், ஃபிலிமின் மேல்பூச்சை ஈரப்படுத்தி இளக்கி, எழுத்தை நேரடியாக முத்திரை குத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் புடாபெஸ்டிலும் ஆஸ்லோவிலும் ஒரே சமயத்தில் வேதியியல் முறை ஒன்று உருவானது. தயாரான பிரதியின் மீது மெழுகை மெல்லிதாகப் பூசுவார்கள். எழுத்துகள் கொண்ட சிறு தகடுகளைச் சூடாக்கி ஒவ்வொரு பிரேமாக அழுத்துவார்கள். மெழுகு உருகிய இடத்தில் மட்டும் பிளீச் திரவம் புகுந்து மேல்பூச்சை அரித்துவிடும். அரித்த இடத்தில் ஒளி தடையின்றிப் பாய, திரையில் வெள்ளை எழுத்து விழும். ஒரு வரி மூன்று விநாடி நிற்க வேண்டுமென்றால் 72 பிரேம்களில் அதே எழுத்தை அழுத்த வேண்டும். 1980களில் லேசர் வந்த பிறகும் நடந்தது இதுதான்: கதிர் பூச்சை எரித்து எழுத்தைத் திறந்தது.

இவ்வளவு பாடு எதற்கு? கொட்டகையில் இருந்த புரொஜெக்டருக்குப் படமும் ஒலியும் தெரியும். மூன்றாவதாக ஒன்றை எடுத்துச் செல்ல அதற்கு வழியே கிடையாது. எழுத்து ஊர் போய்ச் சேர வேண்டுமானால் படமாகவே மாறித்தான் போக வேண்டும். இதைப் படித்தபோது அக்காவின் கைப்பேசிக்கும் அந்தக் கொட்டகைக்கும் இருந்த ஒற்றுமை எனக்குப் பளிச்சென்று தெரிந்தது.

தனித் தடம் டிவிடி காலத்தில் பரவலாக வீட்டுக்கு வந்தது. ஒரு தட்டில் 32 சப்டைட்டில் தடங்கள் வரை வைக்கலாம். ஆனால் அவையும் எழுத்தாக இல்லை, சிறு சிறு படங்களாக இருந்தன. அந்தப் படங்களைப் படித்து எழுத்தாக மாற்ற எழுதப்பட்ட நிரல்தான் சப்ரிப். இன்று நாம் எல்லோரும் பயன்படுத்தும் .srt கோப்பு அதன் பிள்ளை. அதில் 00:01:20,500 என்று விநாடிக்குப் பின் காற்புள்ளி வருவதைப் பார்த்திருப்பீர்கள். நிரல் பிரான்சில் எழுதப்பட்டது. தசமத்துக்கு அங்கே காற்புள்ளிதான்.

சரி, வீடியோவையும் .srt கோப்பையும் தனித்தனியாக அனுப்பினால்? பிளேயர் இரண்டையும் தானாக இணைக்க, அவை ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இருக்க வேண்டும். செயலியோ வீடியோவுக்குத் தேதியும் எண்ணும் சேர்த்துப் புதுப் பெயர் சூட்டி ஓரிடத்தில் போடும்; .srt வேறிடத்தில் கிடக்கும். தேடிச் சேர்ப்பது அக்காவின் வேலையல்ல.

ஆகவே குழுவுக்குப் போகும் பிரதியில் எழுத்தைப் பொறித்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். இங்கே தமிழுக்கென்று இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது கொம்பு. 'கொ' என்ற எழுத்தில் கொம்பு கணினிக்குள் ககரத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவந்து வரைவது ஹார்ஃப்பஸ் என்ற நிரலகத்தின் வேலை. அது சேராத ffmpeg பதிப்பில் கொம்பு இடம் மாறி விழும். வேலை தொடங்கும்போது ffmpeg காட்டும் வரிகளில் HarfBuzz-ng என்ற பெயரும் COMPLEX என்ற சொல்லும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது புள்ளி. ffmpeg, .srt கோப்பைப் பொறிக்கும்போது திரை உயரத்தை 288 பங்காகக் கொண்டு எழுத்தளவை 16 என்று வைக்கிறது. செயலி படத்தை 480 வரிகளாகச் சுருக்கினால் எழுத்துக்கு மேலும் கீழுமான இடத்தையும் சேர்த்து ஒரு வரிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 27 பிக்சல். அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு இரண்டு மூன்று பிக்சல்தான் மிஞ்சும். சுருக்கத்தில் அது கரைந்து 'வரும்' என்பது 'வரும' என்று நிற்கும். அளவை 22 ஆக்கினால் வரிக்கு 36 பிக்சலுக்கு மேல் கிடைக்கிறது, புள்ளி பிழைத்துக்கொள்கிறது. கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து அகலப் படம் பார்ப்பவர்களுக்கும் அந்த அளவுதான் தோது. எழுத்து பெரிதானால் வரி நீளும், ஆகவே வசனத்தைச் சுருக்கித் திரும்ப எழுதினேன். அந்தச் சுருக்கத்தில் மொழியும் இறுகியது.

```
ffmpeg -i padam.mp4 -vf "scale=1280:-2,subtitles=ta.srt:force_style='FontName=Noto Sans Tamil,FontSize=22,Outline=2'" -c:a copy kuzhu.mp4
```

படத்தை முதலில் சிறிதாக்கிவிட்டுப் பிறகு எழுத்தை வரைகிறது இந்தக் கட்டளை. வரிசையை மாற்றினால் வரைந்த எழுத்தும் சேர்ந்து சுருங்கும்.

பொறித்த எழுத்தில் இழப்பு உண்டு. அதை மறைக்க எனக்கு மனமில்லை. கண் மங்கியவர் பெரிதாக்க முடியாது, வேறு மொழிக்கு மாற்ற முடியாது, ஒரு வரியைத் திருத்த வேண்டுமானால் படம் முழுவதையும் மறுபடி உருவாக்க வேண்டும். அதனால் எழுத்தில்லாத படமும் .srt கோப்பும் என்னிடம் எப்போதும் தனியே இருக்கின்றன. திரையிடலுக்காக ஒரு படக்கழகம் கேட்டபோது, தமிழ், ஆங்கிலம் இரண்டும் தனித் தடங்களாக உள்ள கோப்பை அதே செயலியில் 'டாக்குமெண்ட்' ஆக இணைத்து அனுப்பினேன். அப்படி அனுப்பினால் செயலி கோப்பைத் தொடுவதில்லை. மூன்றாவது தடமும் நான்காவது தடமும் அப்படியே போய்ச் சேர்ந்தன. அவர்கள் கணினியில் வி.எல்.சி.யில் திறந்து வேண்டிய மொழியைத் தேர்ந்துகொண்டார்கள். அக்காவுக்குப் பொறித்த பிரதி போனது. மாலையில் கூப்பிட்டு, படத்தில் வலை இழுக்கும் பாட்டி கடைசியில் சொன்னதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.