உருண்டைக்குள் மகாமகக் குளம்

கும்பகோணம் மகாமகக் குளத்தின் படிக்கட்டில் முக்காலியை நிறுத்துவதற்கு முன்னால் அவர் ஒரு பள்ளிக்கூட நோட்டைத் திறந்தார். அன்று எடுக்கப்போகும் படம் அதில் ஐந்தாறு வரிகளில் எழுதப்பட்டிருந்தது: "நடுவில் படியின் விளிம்பு, நேர்கோடாக. அடிவானம் முழு வட்டம், படத்தின் அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. மண்டபம் உச்சியில், கலசத்துக்கு மேல் கொஞ்சம் வானம். தண்ணீர் கீழ்ப்பாதி. என் நிழல் வேண்டாம்."

கல்யாண ஆல்பம், கோவில் விழா, விடுதிகளுக்கான சுற்றுக்காட்சி என்று பிழைப்பு நடத்தும் புகைப்படக்காரர் அவர். குட்டிக் கோள் எனப்படும் படங்களைச் செய்கிறவர் ஒருவர் ஊரில் இருக்கிறார் என்று நண்பர் ஒருவர் சொல்லித்தான் நான் போனேன். ஒரு முழு ஊரும் சிறு பந்தாகச் சுருண்டு, வீடுகளும் மரங்களும் அதன் விளிம்பில் வெளிநோக்கி நிற்குமே, அந்தப் படம்.

வளைந்த காட்சி புதிதல்ல. தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் எப்படித் தெரியும் என்று பார்க்க, ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் தண்ணீர் நிரப்பிய வாளிக்குள் புகைப்படத் தகட்டை வைத்துப் படம் எடுத்தார். 1906-இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் மீன்கண் என்ற பெயரே வந்தது. குட்டிக் கோளுக்கான கணக்கு அதைவிட மிகப் பழையது. வானக் கோளத்தைத் தட்டையான பித்தளைத் தகட்டில் இறக்க அஸ்ட்ரோலேப் செய்தவர்கள் கையாண்ட அதே ஸ்டீரியோகிராஃபிக் முறைதான் இன்று கணினியில் ஓடுகிறது.

நோட்டில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்டபோது அவர் சொன்ன பதில் தெளிவாக இருந்தது. "ஃபோன்ல 'உலகம் உருண்டையா வர்ற மாதிரி எடுத்துக் கொடுங்க அண்ணே'ம்பாங்க. உருண்டைக்கு நடுவுல என்ன இருக்கணும்னு யாரும் சொல்ல மாட்டாங்க சார். அதச் சொல்லலைன்னா படம் வளைஞ்சிருக்காது, கெட்டுப்போயிருக்கும்."

இது வெறும் பேச்சல்ல. குட்டிக் கோளின் மையம் என்பது காமிராவுக்கு நேர் கீழே உள்ள புள்ளி. கண் உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.6 மீட்டரில் காமிரா இருந்தால், அதைச் சுற்றி 1.6 மீட்டருக்குள் கிடக்கும் தரை மட்டுமே கோளின் ஆரத்தில் பத்தில் நான்கு பங்கை எடுத்துக்கொள்கிறது. 16 மீட்டர் வரையிலான தரை பத்தில் ஒன்பது பங்கைப் பிடித்துவிடும். அதற்கு அப்பால் அடிவானம் வரை உள்ள அத்தனையும் கடைசிப் பத்தில் ஒரு பங்குக்குள் நசுங்கிக் கிடக்கும். ஆக, கோளின் பெரும்பகுதி நாம் பார்க்க வந்த காட்சியே அல்ல, காலடி மண்தான்.

அதனால்தான் குளத்தைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களும் ஒரே உருண்டையில் வேண்டும் என்று கேட்பவர்களை அவர் திருப்பி அனுப்பிவிடுகிறார். குளம் 6 ஏக்கருக்குச் சற்று அதிகம். ஒரு கரையில் நின்றால் எதிர்க்கரை ஏறத்தாழ 150 மீட்டருக்கு அப்பால் போய்விடும். பக்கத்து மண்டபம் பூதாகரமாக நிற்கும், எதிர்க்கரை மண்டபங்கள் விளிம்பில் பொட்டாக ஒட்டியிருக்கும். எல்லாம் ஒரே அளவில் வேண்டுமென்றால் குளத்தின் நடுவுக்கு மேலே காமிரா போக வேண்டும். கரையிலிருந்து எடுப்பதானால் ஒரு மண்டபத்தை நாயகனாக்கிக்கொள்வதே முறை என்பது அவர் தீர்ப்பு. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

அவர் நெடுநேரம் எடுத்துக்கொண்டது படியில் இடம் பார்ப்பதற்குத்தான். இந்த முறையில் செங்குத்துக் கோடுகள் எல்லாம் மையத்திலிருந்து வெளியே நேராகப் பாயும். தரையில் கிடக்கும் கோடுகளில், காமிராவுக்கு நேர் கீழாகப் போகிற கோடு மட்டும் நேராக இருக்கும், மற்றவை வில்லாக வளையும். லென்ஸ் ஒரு படியின் விளிம்புக்கு நேர் மேலே இருந்தால் அந்த விளிம்பு கோளை நேராக இரண்டாக வகுக்கும். மேல்படிகள் ஒரு பக்கமும் கீழ்ப்படிகள் மறுபக்கமும் அதைச் சுற்றி வளையும். ஒரு சாண் தள்ளிவிட்டால் எல்லாப் படிக்கோடுகளும் வளைந்துபோய், கண் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. ஒரு நேர்கோடு சாட்சிக்கு நிற்கும்போதுதான் மற்ற வளைவுகள் வேண்டுமென்றே செய்தவையாகத் தெரிகின்றன. லென்ஸிலிருந்து தூக்குநூல் கட்டி, அது படியின் விளிம்பைத் தொடுகிறதா என்று அவர் குனிந்து குனிந்து பார்த்தது இதற்காகத்தான்.

எடுப்பது அதன் பிறகு சீக்கிரம் முடிந்தது. மீன்கண் லென்ஸால் சுற்றிலும் ஆறு, வானத்துக்கு ஒன்று. முக்காலியை எடுத்துவிட்டு அது நின்ற இடத்தைக் கையில் பிடித்து ஒன்று. இந்தக் கடைசிப் படத்தைச் சோம்பலில் விடுகிறவர்கள் உண்டு. அவர்களுடைய கோளின் நட்டநடுவில் மூன்று கால் தெரியும், அல்லது அதை மறைக்க ஒட்டிய கடை முத்திரை தெரியும்.

கடையில் Hugin என்ற இலவச மென்பொருளில் எட்டையும் ஒட்டினார். மண்டபத் தூண்களைச் செங்குத்து என்று குறித்துக் கொடுத்தார். முக்காலி சற்றுச் சாய்ந்திருந்தால் அடிவானம் அப்போதும் வட்டமாகவே இருக்கும், ஆனால் மையத்திலிருந்து விலகிவிடும். கட்டடங்கள் ஒரு பக்கம் குட்டையாகவும் மறுபக்கம் நெட்டையாகவும் நிற்பதை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம். ஊருக்குள் வீட்டுக்கூரைகள் இதை ஓரளவு மறைத்துவிடும். கடற்கரையில் எடுத்தால் தப்பிக்க வழியில்லை.

பிறகு Stereographic, கீழ்நோக்கி 90 பாகை. மிச்சம் இருப்பது எவ்வளவு வானம் என்பது. மண்டபம் 10 மீட்டர் தள்ளி, காமிராவுக்கு மேல் 6 மீட்டர் உயர்ந்து நின்றது. அதன் கலசம் அடிவான வட்டத்தின் ஆரத்தைப்போல 1.77 மடங்கு தூரத்தில் விழும். பார்வைக்கோணத்தை 240 பாகை வைத்தால் படத்தின் விளிம்பு 1.73 மடங்கில் முடிந்துவிடுகிறது, கலசம் வெட்டுப்படும். 270 வைத்தால் விளிம்பு 2.41 மடங்குக்குப் போகிறது, கலசத்துக்கு மேல் தாராளமாக வானம் கிடைக்கிறது. நோட்டில் எழுதிய ஐந்தில் இரண்டு பங்கு இந்த 270-இலிருந்துதான் வந்தது.

சாதாரண மீன்கண் படத்துக்கும் அவர் இதே போல ஒரு வரி எழுதிவைக்கிறார். அடிவானம் சட்டத்தின் நடுவில் போனால் நேராக இருக்கும். காமிராவைக் குனித்தால் அது மேலே ஏறிக் குன்றாக வளையும், நிமிர்த்தினால் கீழே இறங்கிக் கிண்ணமாகும். கொஞ்சமாக வளைந்தால் அது பிழை. "ஒண்ணு நடுவுல வைக்கணும், இல்லாட்டி விளிம்புக்கே தள்ளிடணும்" என்கிறார்.

இத்தனை வேலைக்கும் கூலி என்று பார்த்தால் மனம் கொதிக்கிறது. விடுதிக்காரருக்கும் இவருக்கும் நடுவே நிற்கும் தரகர் படத்தைக் கணக்கில் எண்ணி வாங்குகிறார். இடம் பார்த்த காலைப்பொழுதுக்கு அவரிடம் விலையில்லை. பொத்தானை அழுத்தினால் உருண்டையாக்கும் செயலி இருக்கும்போது இவ்வளவு எதற்கு என்று கேட்கிறாராம். அந்தச் செயலி கொடுத்த படத்தையும் பார்த்தேன். நடுவில் செல்ஃபி கம்பு பிடித்த கை, விளிம்பில் பாதி கோபுரம். அதற்கும் இதற்கும் ஒரே விலை.

2028 மகாமகத்துக்கு அவர் இப்போதே நோட்டில் எழுதத் தொடங்கிவிட்டார். கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும்போது எட்டுப் படம் எடுத்து ஒட்டினால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்பார், ஒட்டுக்கோட்டில் தலை ஒருவருக்கும் உடல் ஒருவருக்கும் போகும். ஆகவே இரு பக்கமும் லென்ஸ் உள்ள சிறு காமிராவை 6 மீட்டர் கம்பத்தில் ஏற்றி ஒரே நொடியில் எடுக்கப் போகிறார். அந்த உயரத்தில் கோளின் நடுப்பகுதி 1.6 மீட்டரிலிருந்து 6 மீட்டராக விரியும், அது முழுக்க மனிதத் தலைகளாக இருக்கும். கம்பத்தை நடவும், நெரிசலில் அது ஆடாமல் பிடித்துக்கொள்ள இரண்டு பேரை நிறுத்தவும் யாரிடம் அனுமதி கேட்பது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.