ஏழு நாள் மௌனம்

கருமத்தம்பட்டிப் பகுதியில் வள்ளி கும்மி பயிற்றுவிக்கும் ஆசிரியர் ஒருவரை நான் நன்கு அறிவேன். கோயில் அரங்கேற்றம் நெருங்கியதால், சளி பிடித்திருந்தும் அவர் மூன்று மாலைகள் தொடர்ந்து உரத்த குரலில் பாடினார். நான்காம் மாலை, உச்சத்தில் ஓர் அடியை எடுத்தபோது குரல் சட்டென்று அறுந்தது. வலி சிறிதும் இல்லை. வெறும் காற்றுதான் வந்தது.

கோவையில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர், சிறு குழாய்க் கருவியால் அவரது குரல்வளையைப் பார்த்தார். வெண்ணிறமாக இருக்கவேண்டிய இரு குரல்நாண்களுள் ஒன்று சிவந்திருந்தது. மேற்படலத்தின் அடியிலிருந்த நுண்ணிய குருதிக்குழாய் வெடித்து, குருதி அங்கேயே தேங்கியிருந்தது.

"ஒரு வாரம் ஒரு சொல்லும் பேசக் கூடாதுங்க" என்றார் மருத்துவர். "மெல்லக் கிசுகிசுத்தா ஆகாதுங்களா?" என்று கேட்டார் ஆசிரியரின் மனைவி. "கிசுகிசுப்பிலும் குரல்வளை இறுகுமுங்க. தொண்டையைச் செருமவும் கூடாதுங்க" என்பது விடை. குருதி உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளைத் தம்மைக் கேளாமல் உண்ணலாகாது என்றும் அவர் கூறினார்.

இத்துணைக் கண்டிப்பு ஏன்? நாம் பேசும்போது குரல்நாண்கள் நொடிக்கு நூறு முறைக்கு மேல் ஒன்றோடொன்று மோதுகின்றன. பாட்டு உச்சத்திற்குச் செல்லச் செல்ல அவ்வெண்ணிக்கை பன்மடங்காகும். கன்றிய இடத்தில் இடைவிடாது அடி விழுந்தால் குருதி மேலும் கசியும். தேங்கிய குருதி மென்கட்டியாகலாம். நாண் தழும்பேறி விறைக்கலாம். விறைத்த நாண் முன்போல் அதிராது. அசையாது விட்டால், தேங்கிய குருதியை உடலே சிறுகச் சிறுக உறிஞ்சிக்கொள்ளும்.

ஆசிரியர் ஏழு நாளும் சிலேட்டில் எழுதியே பேசினார். அரங்கேற்றத்தில் அவருடைய மாணவி பாட்டெடுத்தார். எட்டாம் நாள் மறுபடியும் பார்த்தபோது சிவப்புப் பெரிதும் மறைந்திருந்தது. முதலில் நாளுக்குச் சில நிமிடப் பேச்சு, பின்னர் மெல்லிய முணுமுணுப்பு, அதன்பின் பாட்டு எனப் படிப்படியாகவே அவர் மீண்டார்.

எல்லார்க்கும் ஓய்வு ஒன்றே போதுவதில்லை. ஆங்கிலப் பாடகி அடேல், 2011இல் குரல்நாண் குருதிக்கசிவால் தம் அமெரிக்க இசைப்பயணத்தைக் கைவிட்டார். பாஸ்டன் நகரில் நுண் அறுவை செய்துகொண்டு, 2012 பிப்ரவரியில் கிராமி விழா மேடையில் மீண்டும் பாடினார். ஒரே குழாய் மீண்டும் மீண்டும் கசிந்தாலோ, கட்டி நிலைத்துவிட்டாலோ அறுவை தேவைப்படலாம்.

இந்நோயில் பெரும்பாலும் வலி இராது. அதனால்தான் பலரும் பொருட்படுத்தாமல் பாடலையோ உரையையோ தொடர்கின்றனர். உரத்துப் பேசுகையிலோ பாடுகையிலோ குரல் திடீரென மாறுவதே இதன் அடையாளம். அவ்வடையாளம் தோன்றினால், பாட்டு எந்த அடியில் நின்றதோ அந்த அடியோடு வாய்மூடி மருத்துவரிடம் செல்லவேண்டும்.