பன்னிரண்டு படங்கள்

பூட்டிய வீடு சும்மா இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது சும்மா இருப்பதே இல்லை. மனிதர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய மறுநாளே கரையானும் ஈரமும் வேப்பஞ் சருகும் அங்கே குடித்தனத்தை ஆரம்பித்துவிடுகின்றன. வாடகை கேட்கவும் ஆளில்லை அல்லவா?

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எங்கள் தாத்தா கட்டிய ஓட்டு வீடு இருக்கிறது. நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். வீட்டுக்குப் பாத்தியதை உள்ளவர்கள் மூன்று பேர். நான் லண்டனில், தமக்கை மும்பையில், தம்பி இன்னொரு கண்டத்தில். சாவி மட்டும் அடுத்த தெருவில், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவரிடம் இருக்கிறது. ஞாயிறுதோறும் காலையில் அவர் வீட்டைத் திறந்து, பெருக்கி, ஜன்னல்களைக் காற்றாட வைத்து, கைப்பேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார்.

முதல் இரண்டு மாதம் அவர் அனுப்பிய படங்களைப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகைக்கு எடுத்த மாதிரி இருக்கும். கோலம் போட்ட வாசல், பூத்த செம்பருத்தி, பளபளக்கும் ஊஞ்சல் பலகை. பார்த்து மகிழலாம், வீட்டின் நிலைமையைத் தெரிந்துகொள்ள முடியாது. நல்ல இடத்தைத் தேடிப் பிடிப்பது படம் எடுப்பவரின் இயல்பு. வீடோ நல்ல இடத்தில் கெடுவதில்லை.

ஆகையால் இருவரும் பேசி ஓர் ஏற்பாடு செய்தோம். வாரம் பன்னிரண்டு படம். வாசல் ஒன்று, மின்சார மீட்டர் ஒன்று, முற்றத்தில் நின்று ஓட்டின் நாலு மூலைக்கும் நாலு, அறைச் சுவர்கள் நாலு, கிணற்றங்கரை ஒன்று, கொல்லைக் கதவு ஒன்று. எங்கே நின்று எடுப்பது என்பதற்குத் தரையில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு சிறு புள்ளி. வாராவாரம் அதே புள்ளி, அதே உயரம். போன வாரத்துப் படத்தை இந்த வாரத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால், மாறியது எதுவோ அதுவே கண்ணில் குத்தும். ஒரே படத்தை எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் அந்த லாபம் கிடைப்பதில்லை.

சுவருக்கு மட்டும் ஒரு தந்திரம் உண்டு. கைப்பேசியின் வெளிச்சத்தை நேராகப் பாய்ச்சினால் சுவர் வழவழவென்றுதான் தெரியும். வேறொரு கைவிளக்கைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால், சுண்ணாம்புப் பூச்சு உப்பியிருப்பதும் கரையான் மண்கோடு இழுத்திருப்பதும் நிழல் விழுந்து தெரிந்துவிடும். மண்கோடு தெரிந்தால் நடுவில் ஒரு விரல் அகலம் உடைத்துவிட வேண்டும். அடுத்த வாரம் அந்த இடைவெளி அடைபட்டிருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது என்று அர்த்தம். உடனே மருந்துக்காரரை அழைக்க வேண்டியதுதான்.

இந்த ஏற்பாட்டைச் சொன்னபோது அவர் முகம் வாடியது எனக்குக் குரலிலேயே தெரிந்தது. "என் மேலே நம்பிக்கை இல்லையா, தம்பி?" என்றார்.

"அண்ணே, நம்பிக்கை எனக்கு இருக்கிறது. நாளைக்கு அக்காவும் தம்பியும் 'இத்தனை பணம் எப்படிச் செலவாயிற்று?' என்று கேட்டால், உங்கள் பக்கம் சாட்சி சொல்ல ஆள் வேண்டாமா?" என்றேன்.

சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மணியார்டர் கொடுத்தால் கையெழுத்து வாங்குவோமே, அந்த மாதிரி" என்றார். அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் எங்களுக்குள் பேச்சே எழவில்லை.

2024-ஆம் ஆண்டு ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. உக்கிராண அறைச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. அதைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதச் சொன்னேன். அடுத்த ஞாயிறு கறை கோட்டைத் தாண்டியிருந்தது, இன்னொரு கோடு. மூன்றாவது வாரம் மழை இல்லை. கறை நின்ற இடத்திலேயே நின்றது. நாலாவது வாரம் மழை, மறுபடியும் தாண்டிற்று.

இந்தக் கோடுகளே விஷயத்தைச் சொல்லிவிட்டன. தரை ஈரம் என்றால் அடியிலிருந்து ஏறும். இடுப்பளவு உயரத்தில் உப்புப் பூத்து ஒரு கரை கட்டும். குழாய்க் கசிவு என்றால் மழை, வெயில் பாராமல் வளரும். இதுவோ மேலே தொடங்குகிறது, மழைக்கு மட்டும் வளர்கிறது. கூரைதான். முற்றத்து மூலைப் படங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன். இரண்டு பக்கத்து ஓடும் சந்திக்கும் இடத்தில் தகரத்தால் ஒரு வாய்க்கால் உண்டு. புரட்டாசிப் படத்தில் தகரம் தெரிந்தது. ஐப்பசிப் படத்தில் சருகுதான் தெரிந்தது. குரங்குகள் நாலைந்து ஓட்டைப் புரட்டியும் இருந்தன. தண்ணீர் வழி தெரியாமல் சுவருக்குள் இறங்கியிருக்கிறது.

சருகை வாரி, ஓட்டை மாற்ற ஒரு நாள் வேலை என்று கணக்குப் போட்டேன். அன்று மாலை அவர் படத்துக்குப் பதில் குரலை அனுப்பினார். "தம்பி, ஏணி போட்டு ஏறிப் பனங்கையைத் தட்டிப் பார்த்தேன். மற்றதெல்லாம் கணீரென்கிறது. சுவரில் ஏறுகிற கோடியில் ஒன்று மட்டும் பொத்தென்கிறது. அறையில் ஒரு மக்கல் நாற்றமும் இருக்கிறது" என்றார்.

அந்தப் பனங்கையும் படத்தில் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன், வெளித்தோல் கறுப்பாக, அழகாக, திடமாகத்தான் தெரிந்தது. பிரித்தபோது உள்ளே விரலால் நோண்டினால் உதிர்கிற தூள். ஓடு முழுவதையும் தாங்கிக்கொண்டிருந்தது அந்தத் தோல்தான்.

அன்றிலிருந்து பன்னிரண்டு படங்களோடு ஒரு நிமிஷக் குரலும் சேர்ந்துகொண்டது: என்ன வாசனை, என்ன சத்தம், கதவு எங்கே இறுக்குகிறது. பழுது பார்க்கும்போது மூன்று படம் என்பதும் வழக்கமாயிற்று. பிரிப்பதற்கு முன் ஒன்று, பிரித்துப் போட்டபின் ஒன்று, முடிந்தபின் ஒன்று. நடுப் படம் இல்லாவிட்டால், மாற்றியது மரமா, அடித்தது வெறும் வார்னிஷா என்று யாருக்கும் தெரியாது. கொத்தனார் கூலி கேட்டபோது, எங்கள் மூவரில் ஒருவரும் மறு கேள்வி கேட்காததற்கு அந்த நடுப் படமே காரணம். பெரியவருக்கு மாதச் சம்பளம் தனி, பழுதுச் செலவு தனி. இரண்டையும் ஒரே பையில் போட்டால், செலவைக் குறைப்பதற்காக அவர் பழுதைச் சொல்லத் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்கு விலை ஒரு கூரை.

தை பிறந்ததும், "உக்கிராணத்துச் சுவருக்கு வெள்ளை அடித்துவிடட்டுமா, தம்பி? பென்சில் கோடு அசிங்கமாக இருக்கிறதே" என்று கேட்டார்.

"அடுத்த ஐப்பசி வரட்டும், அண்ணே. மழை அந்தக் கோட்டைத் தாண்டாவிட்டால் அடித்துவிடலாம்" என்றேன்.