பழைய இணைப்பு

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அப்போது 64 பெண்கள் இருந்தோம். இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்கோ விடுதிக்கோ திரும்புகிறவர்கள் ஆட்டோவைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிய குழு. யார் எந்த வாசலில், எத்தனை மணிக்குத் தனியாக நிற்கிறார்கள் என்பதெல்லாம் அதில் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரியாத ஓர் எண் அழைப்பு இணைப்பு வழியாகச் சேர்ந்ததாகக் குழுவில் ஒரு வரி தெரிந்தது. படத்தில் ஓர் ஆண். அட்மின் நான்தான். பதறிப்போய் நீக்கினேன். கால் மணி நேரத்தில் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆளை விரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். குழு விவரத்துக்குள் போய், Invite via link என்பதைத் திறந்து, Reset link என்பதை முதலில் அழுத்தியிருக்க வேண்டும். அதன் பிறகு பழைய இணைப்பை யார் வைத்திருந்தாலும் உள்ளே வர முடியாது. ஏற்கெனவே வந்துவிட்டவர்களை மட்டும் ஒவ்வொருவராக நாம்தான் நீக்க வேண்டும்.

நீக்கினேன். அதோடு விட்டிருக்கலாம். புது இணைப்பை அன்று மாலையே குழுவில் போட்டு, "யாருக்கும் குடுக்காதீங்க" என்றும் எழுதினேன். புதன்கிழமை இன்னொருவன் வந்தான்.

எல்லோரிடமும் இருப்பது ஒரே இணைப்பு. யார் கை வழியாகப் போனது என்று அது காட்டாது. ஆனால் எங்களுக்குச் சந்தேகப்பட ஆள் கிடைத்துவிட்டாள். குழுவிலேயே சின்னவள், தினமும் ஸ்டேட்டஸில் படம் போடுகிறவள். அவளை நீக்கச் சொல்லி நான்கைந்து பேர் எழுதினார்கள். நானும் பாதி நம்பினேன். அது இன்னும் உறுத்துகிறது.

மறுநாள் ஓர் அக்கா தனியாக அழைத்தார். "என் போனை எங்க வீட்டுக்காரர் எடுத்துப் பார்ப்பாரும்மா. நான் யார்கூட வர்றேன்னு பார்க்கச் சொல்லி அவர் சிநேகிதங்களுக்கு அனுப்பியிருக்கார்."

மறுபடி இணைப்பை மாற்றினேன். புதியதை யாருக்கும் அனுப்பவில்லை. சேருகிறவர்களை அட்மின் அனுமதித்தால்தான் சேர முடியும் என்ற வசதியையும் போட்டுவைத்தேன். இப்போது புதிதாக ஒருத்தி வந்தால், அவளிடம் பேசிவிட்டு எண்ணை நானே சேர்க்கிறேன். நேரம் ஆகிறது, ஆகட்டும். அந்த அக்கா தன்னை நீக்கிவிடச் சொன்னார். அவர் போன் அவர் கையில் இல்லாதபோது எந்த இணைப்பை மாற்றி என்ன? நீக்கினேன். ஆட்டோ கிளம்பும்போது ஒருத்தி அவரைக் கூப்பிட்டுச் சொல்கிறாள்.

இணைப்பில் வந்தவர்களால் எங்கள் பழைய பேச்சைப் படித்திருக்க முடியாது. ஆனால் உறுப்பினர் பட்டியலில் எல்லோருடைய எண்ணும் தெரியும். சின்னவளுக்கு இரண்டு இரவுகள் யாரோ அழைத்திருக்கிறார்கள்.

"லிங்க்கை மாத்திட்டீங்க. என் நம்பரை எப்படிக்கா மாத்துறது? பேங்க்ல, ஆதார்ல எல்லாம் அதுதானே இருக்கு" என்றாள்.