ஒரு வரி சேர்த்து அனுப்பினேன்



நம் பள்ளி வேதியியல் லேபில் இருந்த லேப் அக்காவை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எனக்கு அவள் தோழி. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு அவள் வேறொரு பள்ளிக்கு மாறினாள். போன வருடம் அங்கே மேல்நிலை அறிவியல் பிரிவை நிறுத்திவிட்டார்கள், அவள் வேலையும் போனது. மகன் அப்போது கல்லூரி இரண்டாம் ஆண்டு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாட்ஸப்பில் எந்த வேலை விளம்பரம் வந்தாலும் அப்படியே அவளுக்குத் தள்ளிவிட்டேன். ஒன்றில் வயது வரம்பு 35, அவளுக்கு 46. இன்னொன்றுக்குக் கடைசித் தேதி முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. மூன்றாவது, பணம் கட்டச் சொல்லும் மோசடி. பலமுறை பகிரப்பட்டது என்று இரட்டை அம்புக்குறி போட்டு வந்ததையும் நான் கவனிக்கவில்லை. முதலில் "நன்றி டீச்சர்" என்றாள், பிறகு கும்பிடு போட்டாள், அப்புறம் அதுவும் இல்லை. ஒருநாள் கடைத்தெருவில் பார்த்தபோது, "நீங்க அனுப்புறதைப் பார்த்தா, நான் எதுக்கும் லாயக்கில்லைன்னுதான் தெரியுது டீச்சர்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அதன்பிறகு இரண்டு மாதம் எதுவும் அனுப்பவில்லை.

பிறகு பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றின் அறிவிப்பு வந்தது. வேதியியல் துறைக்கு ஆய்வக உதவியாளர் தேவை. இந்த முறை உட்கார்ந்து கடைசி வரி வரை படித்தேன். 'பட்டதாரிகளுக்கு முன்னுரிமை' என்று இருந்தது. அவள் படித்தது பிளஸ் டூ. இதைப் பார்த்தால் அந்த இடத்திலேயே மூடிவிடுவாள் என்று தெரியும். அதனால் கல்லூரி அலுவலகத்துக்கு நானே போன் போட்டேன். இடம் இன்னும் காலியாக இருக்கிறதா, பிளஸ் டூ படித்து அனுபவம் உள்ளவர் விண்ணப்பிக்கலாமா என்று இரண்டே கேள்வி. "இருக்குங்க. அனுபவம் இருந்தா தாராளமா போடச் சொல்லுங்க" என்றார் எழுத்தர்.

இனி அந்த வரி. முதலில் "உனக்குப் பொருத்தமா இருக்கும்" என்று எழுதினேன். அழித்தேன். ஏன் பொருத்தம் என்று அதில் இல்லையே! "நீ கடின உழைப்பாளி" என்று எழுதினேன். அதை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம். அறிவிப்பை மறுபடி படித்தபோது, 'இருப்புப் பதிவேடு பராமரிக்கத் தெரிந்திருக்க வேண்டும்' என்பது கண்ணில் பட்டது. ஒரு வருடம் ஆய்வுக்கு வந்த அதிகாரி, அவளுடைய ஸ்டாக் ரிஜிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு பியூரெட், பிப்பெட்டையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணினார். உடைந்தவைகூடத் தேதியோடு தனிப் பக்கத்தில் இருந்தன. ஒன்றும் குறையவில்லை.

கடைசியில் எழுதியது இதுதான்: "மூணாவது வரியில கேட்கிற ரிஜிஸ்டர் வேலை, ஆய்வுக்கு வந்தவர் எண்ணிப் பார்த்து ஒண்ணும் குறை சொல்ல முடியாம போனாரே, அதே வேலைதான், டிகிரி இல்லாட்டியும் போடலாம்னு ஆபீஸ்ல கேட்டுட்டேன், கடைசி நாள் வெள்ளிக்கிழமை."

நீளமான ஒரு வரிதான், தமிழாசிரியர் பார்த்தால் மூன்றாகப் பிரிப்பார். அறிவிப்பை முதலில் அனுப்பி, இதை அடுத்து அனுப்பினேன். அப்போதுதான் போனைத் திறக்காமலே கண்ணில் படுவது இந்த வரியாக இருக்கும். வெறும் படம் என்றால், பழையபடி இதுவும் ஒன்று என்று ஒதுக்கியிருப்பாள்.

ஒருநாள் முழுக்கப் பதில் இல்லை. மறுபடியும் தப்புப் பண்ணிவிட்டோமோ என்று இருந்தது. மறுநாள் காலை போனே வந்தது.

"அந்த ரிஜிஸ்டர் உங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கா டீச்சர்?"

"பச்சை அட்டை போட்டிருப்பியே."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, விண்ணப்பத்தில் அனுபவம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாள். நான் அனுப்பிய வரியையே கொஞ்சம் திருத்தி எழுதச் சொன்னேன். நேர்முகத்தில் துறைத்தலைவர் பதிவேட்டைப் பற்றித்தான் முதலில் கேட்டாராம். டெசிநார்மல் ஆக்சாலிக் அமிலம் ஒரு லிட்டர் தயாரிக்க எத்தனை கிராம் என்றும் கேட்டிருக்கிறார். "6.3ன்னு யோசிக்காம சொல்லிட்டேன் டீச்சர்" என்றாள். எத்தனை வருடம் உங்களுக்காக நிறுத்த கை அது!

பதினைந்து நாள் கழித்து உத்தரவு வந்தது. சம்பளம் பழையதைவிடக் கொஞ்சம் குறைவு, பஸ்ஸும் இரண்டு மாற வேண்டும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நேற்று இரவு கூப்பிட்டுப் புலம்பினாள். அங்கே இருக்கும் பழைய பதிவேட்டுக்கும் அலமாரிக்கும் பன்னிரண்டு பியூரெட் கணக்கில் வரவில்லையாம்.